கூகுள் விளம்பரச் சான்றிதழ்: எதை நிரூபிக்கிறது, யாருக்குத் தேவைப்படுகிறது

சென்னையில் நடுத்தர அளவிலான டிஜிட்டல் விளம்பர ஏஜென்சி ஒன்றில் தேடல் விளம்பரப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். புதிதாக ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்கள் முதலில் என்னிடம்தான் வரும். இப்போதெல்லாம் கல்லூரி முடித்துவரும் பிள்ளைகளின் விண்ணப்பத்தில் பாதிப் பக்கத்தைச் சான்றிதழ்களே அடைத்துக்கொள்கின்றன. கூகுளில் ஐந்தாறு, ஹப்ஸ்பாட் என்ற மார்க்கெட்டிங் மென்பொருள் நிறுவனத்தில் நான்கைந்து, பயிற்சி நிலையம் கொடுத்தது ஒன்று. நேர்காணல் முடிந்து எழும்போது சிலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "மேடம், இந்தச் சான்றிதழ்களுக்கு உண்மையில் மதிப்பு இருக்கிறதா?"

அந்தக் கேள்விக்கு வாசலில் நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் இதற்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். சிலர் பயிற்சி நிலையத்துக்குப் பெரிய தொகை கட்டியிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். எல்லாத் தளங்களையும் தொட்டுப் போவதைவிட, நான் தினமும் புழங்குகிற கூகுள் தேடல் விளம்பரச் சான்றிதழையே எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் பலவும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன.

தேர்வு எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்கில்ஷாப் என்பது கூகுளின் பயிற்சித் தளம். அதில் கணக்குத் தொடங்கினால் பாடங்களும் இலவசம், தேர்வும் இலவசம். தேடல் விளம்பரத் தேர்வில் 50 கேள்விகள் வரை இருக்கும். 75 நிமிட அவகாசம். 80 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எல்லாம் கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தோற்றால் ஒரு நாள் காத்திருந்து மறுபடி எழுதலாம். தேர்வு எழுதுவது நீங்கள்தானா என்று அடையாள அட்டை கேட்பவர் இல்லை. கேமரா வழியாகக் கண்காணிப்பவர் இல்லை. இன்னொரு ஜன்னலில் தேடிப் பார்த்து விடை எழுதினாலும் தடுப்பதற்கு எதுவும் இல்லை. கேள்விகளும் விடைகளும் தொகுக்கப்பட்டு இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 2004-இல் கூகுள் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்வுக்கு 50 டாலர் கட்ட வேண்டும். 2013-இல் ஏஜென்சிகளுக்கான கூகுள் பார்ட்னர்ஸ் என்ற திட்டத்துக்குள் இது வந்தபோது கட்டணம் போனது. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மாதச் சம்பளம் பதினைந்தாயிரம் எதிர்பார்க்கிற ஒரு பிள்ளைக்கு அந்தத் தொகை சிறியதில்லை. ஆனால் கட்டணமும் கண்காணிப்பும் இல்லாத தேர்வின் சான்றிதழை எல்லோரும் எடுத்துவிட முடியும் என்பதால், அதை வைத்து ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துப் பார்க்கும் வசதி எங்களைப் போன்றவர்களுக்குப் போய்விட்டது.

சரி, நேர்மையாகப் படித்து எழுதியவரை எடுத்துக்கொள்வோம். அந்தச் சான்றிதழ் எதை நிரூபிக்கிறது? அவருக்குத் தளத்தின் சொற்கள் தெரியும். விளம்பர ஏலத்தில் இடம் பிடிப்பது பணத்தால் மட்டும் அல்ல, விளம்பரத்தின் தரமும் சேர்ந்துதான் என்று தெரியும். எந்தத் தேடல்களுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் கொடுக்கும் சொற்களான கீவேர்டுகளில் மூன்று வகைப் பொருத்தம் உண்டு, எது விரிவானது, எது இறுக்கமானது என்று தெரியும். எந்த நோக்கத்துக்கு எந்த ஏல உத்தியைக் கூகுள் பரிந்துரைக்கிறது என்று தெரியும். இது சின்ன விஷயம் இல்லை. இந்த அடிப்படை இல்லாமல் வருகிற ஒருவருக்கு முதல் சில வாரங்கள் நாங்கள் பேசுவதே புரியாது. சான்றிதழ் உள்ளவரிடம் நேராக வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம்.

அதற்கு மேல் அது எதையும் நிரூபிப்பதில்லை. அதை விளக்க, நேர்காணலில் நான் கொடுக்கும் ஒரு மாதிரி விளம்பரக் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன். எண்கள் நானாக அமைத்தவை. ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு கோளாறும் நிஜக் கணக்குகளில் அடிக்கடி காண்பது.

சென்னையில் ஒரு பல் மருத்துவமனை. பல் இம்ப்ளான்ட் சிகிச்சைக்காகத் தேடல் விளம்பரம் செய்கிறது. மாதச் செலவு ரூ.60,000. கிளிக்குகள் 1,500. அதாவது ஒரு கிளிக்குக்கு 40 ரூபாய். கிளிக் செய்தவர் அழைப்பது, படிவம் நிரப்புவது போல நாம் விரும்பும் ஒரு செயலைச் செய்தால் அது கன்வெர்ஷன். கணக்கு காட்டும் கன்வெர்ஷன்கள் 300. ஆக ஒரு கன்வெர்ஷனுக்கு 200 ரூபாய். கணக்குக்குக் கூகுளே போடும் மதிப்பெண்ணான ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 92 சதவீதம். இம்ப்ளான்ட் சிகிச்சைக்கு நோயாளி பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பார். அப்படிப்பட்ட ஒருவரின் விசாரணை 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அருமையான கணக்கு. ஆனாலும் மருத்துவர், "விளம்பரத்தால் பயனே இல்லை, நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் சான்றிதழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்த திசையிலேயே போகிறார்கள். கன்வெர்ஷன் மலிவாக இருக்கிறது, ஆகவே பட்ஜெட்டை உயர்த்தலாம் என்கிறார்கள். விளம்பர வாசகங்களைக் கூட்டலாம், இன்னும் விரிவான கீவேர்டுகளைச் சேர்க்கலாம் என்கிறார்கள். தேர்வில் இவை சரியான விடைகளாகவே இருக்கக்கூடும், ஏனென்றால் தேர்வுக் கேள்வியில் கன்வெர்ஷன் என்றால் அது உண்மையான கன்வெர்ஷன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேர்வு எழுதுபவர் சந்தேகப்பட வேண்டிய தேவை இல்லை.

நிஜத்தில் வேலை தொடங்குவதே அந்தச் சந்தேகத்தில்தான். கன்வெர்ஷன் அமைப்புக்குள் போய்ப் பார்த்தால், அந்த 300-இல் 240 என்பது 'தொடர்புக்கு' என்ற பக்கத்தை ஒருவர் திறந்து பார்த்தது மட்டுமே. யாரும் அழைக்கவில்லை, எதையும் நிரப்பவில்லை. மீதி 60 மட்டும் விசாரணைப் படிவம். அதிலும் எண்ணும் முறை Every என்று வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் படிவத்தை நிரப்பிவிட்டு 'நன்றி' பக்கத்தைப் பிற்பாடு மறுபடி திறந்தாலும் அது இன்னொரு கன்வெர்ஷனாக ஏறும். One என்று மாற்றினால் ஒரு கிளிக்குக்கு ஒன்றுதான் எண்ணப்படும். மருத்துவமனையின் வரவேற்பறைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அந்த 60 உண்மையில் 36 மனிதர்கள். அந்த 36 பேரில் 12 பேர் வெகுதூரத்து ஊர்களில் இருப்பவர்கள். சிகிச்சைக்கு வரும் எண்ணம் இல்லாதவர்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு Presence or interest என்று இயல்பாக இருந்தபடியே விடப்பட்டதன் விளைவு இது. சென்னையில் இருப்பவர்களோடு, சென்னை மீது ஆர்வம் காட்டியவர்களுக்கும் அது விளம்பரத்தைக் காட்டும். வெளியூரிலிருந்து இம்ப்ளான்டுக்காகவே வந்து தங்கிச் சிகிச்சை பெறுபவர்கள் ஒரு மருத்துவமனைக்கு உண்டென்றால் அந்த அமைப்பே சரி. இந்த மருத்துவமனைக்கு அப்படி யாரும் இல்லை.

கடைசியில் மிஞ்சுவது 24 பேர். ரூ.60,000-ஐ 24-ஆல் வகுத்தால் ஒருவருக்கு ரூ.2,500. கணக்கு 200 என்று காட்டியது. மருத்துவர் தன் நாற்காலியில் உட்கார்ந்த ஆட்களை எண்ணிப் பார்த்துப் பேசினார். அவர் சொன்னதுதான் சரி.

இதில் இன்னும் ஆழமான ஒரு சேதம் இருக்கிறது. பக்கத்தைத் திறந்து பார்த்தது என்ற அந்தச் செயல், கணக்கில் Primary என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கூகுளின் தானியங்கி ஏல முறை, முதன்மை என்று குறித்த செயல்களைப் பார்த்துத்தான் யாருக்காக எவ்வளவு ஏலம் கேட்பது என்று கற்றுக்கொள்கிறது. ஆகவே அது மாதக்கணக்காக, தொடர்புப் பக்கத்தைத் திறந்து பார்க்கக்கூடிய ஆட்களைத் தேடித் தேடிப் பிடித்திருக்கிறது. வேலை தேடுபவர்கள், பல் மருத்துவப் படிப்பு பற்றித் தேடுபவர்கள், அரசு மருத்துவமனையின் விலாசம் வேண்டுபவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். மக்கள் உண்மையில் தட்டிய சொற்களைக் காட்டும் தேடற்சொல் அறிக்கையைத் திறந்தால் 'டென்டல் இம்ப்ளான்ட் கோர்ஸ்', 'டென்டிஸ்ட் வேலை' என்று வரிசையாக நிற்கும். இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. எதைக் கொண்டுவரச் சொன்னோமோ அதைத்தான் அது கொண்டுவந்தது. அந்தச் செயலை Secondary என்று மாற்றிவிட்டு, தொலைபேசி அழைப்பையும் நிரப்பிய படிவத்தையும் மட்டும் முதன்மையாக வைத்தால் கன்வெர்ஷன் எண்ணிக்கை தடாலென்று விழும். சில வாரங்கள் கணக்கு பார்க்கவே பரிதாபமாக இருக்கும். அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி, பொறுமையாக இருக்கச் சொல்வதும் இந்த வேலையின் ஒரு பகுதி.

Primary, Secondary வேறுபாடு கூகுளின் பாடங்களிலேயே இருக்கிறது. Every, One பற்றியும் இருக்கிறது. படித்துத் தேறியவர்களுக்கு விளக்கம் தெரிந்தும் இருக்கிறது. நான் நேரடியாக "இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒரு கணக்கு முன்னால் இருக்கும்போது, அந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. சான்றிதழ் நிரூபிப்பதற்கும் நிரூபிக்காததற்கும் இடையிலுள்ள தூரம் இதுதான்.

அந்த 92 சதவீத ஸ்கோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூகுளின் பரிந்துரைகளை ஏற்கும்போது அது ஏறும். காரணம் சொல்லி நிராகரித்தாலும் ஏறும். கணக்கின் லாபத்தை அது அளப்பதில்லை. தேர்வில் அந்த ஸ்கோருக்கும் தானியங்கி ஏலத்துக்கும் விரிவான பொருத்தக் கீவேர்டுகளுக்கும் நல்ல இடம் உண்டு. தேர்வை நடத்துகிற நிறுவனமே விளம்பர இடத்தை விற்கிற நிறுவனம். தன் கருவியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தான் நினைப்பதை அது கற்பிக்கிறது. அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் எப்போது செலவைக் குறைக்க வேண்டும், எப்போது இந்த வாடிக்கையாளருக்குத் தேடல் விளம்பரமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்கிற பாடங்களை அங்கே எதிர்பார்க்க முடியாது. அவை நம்மிடம் வேறு வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.

சான்றிதழின் ஆயுளுக்கு வருகிறேன். கூகுள் விளம்பரச் சான்றிதழ் 12 மாதங்கள் செல்லும். அதன் பிறகு புதுப்பிப்பதற்கென்று தனியாகச் சின்னத் தேர்வு எதுவும் இல்லை, அதே தேர்வை மறுபடி எழுத வேண்டும். "ஒரு வருஷம்தானா?" என்று பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அது நீளமாகவே தோன்றுகிறது.

2021-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் தேறிய ஒருவர், கீவேர்டுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டு எழுதும் ஒரு பொருத்த வகையைப் படித்திருப்பார். `+பல் +இம்ப்ளான்ட்` என்பது போல. அந்த இரண்டு சொற்களும் தேடலில் இருந்தாக வேண்டும், எந்த வரிசையிலும் வரலாம். என் தலைமுறையினர் அதன் மீதுதான் கணக்குகளைக் கட்டினோம். பிப்ரவரியில் கூகுள் அதை விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. ஜூலைக்குப் பிறகு அந்த வகையில் புதிய கீவேர்டு எதுவும் சேர்க்க முடியாமல் போனது. பழையவை வேறொரு வகையின் விதிப்படி நடக்கத் தொடங்கின. அவருடைய சான்றிதழுக்கு இன்னும் ஏறக்குறைய பாதி ஆயுள் மிச்சம் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு ஜூன் 30-க்குப் பிறகு, அதுவரை எல்லோரும் எழுதிவந்த விரிவான உரை விளம்பர வடிவத்தில் புதிதாக எதையும் உருவாக்க முடியவில்லை. பல தலைப்புகளைக் கொடுத்தால் தளமே சேர்த்து அமைத்துக்கொள்ளும் வடிவம் மட்டும் நின்றது. 2023 ஜூலை 1 அன்று, இணையதள வருகைகளை அளக்கும் கருவியான பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் தரவு சேகரிப்பதை நிறுத்தியது. அதற்கான சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு, அளவீட்டு முறையே அடியோடு மாறிய ஒரு கருவி கைக்கு வந்தது. பழையதில் பார்வையாளரின் வருகை கணக்கின் அடிப்படை. புதியதில் ஒவ்வொரு நிகழ்வும் அடிப்படை. இரண்டும் ஒரே பெயரில் இருந்தாலும் ஒன்றைப் படித்தவர் மற்றதை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

ஆகவே சான்றிதழில் தேதி இருப்பது முக்கியம். ஆனால் படித்ததெல்லாம் ஒரே வேகத்தில் காலாவதி ஆவதில்லை. ஏலம் எப்படி நடக்கிறது, மனிதர்கள் தேடும்போது எந்த மனநிலையில் எப்படிப்பட்ட சொற்களைத் தட்டுகிறார்கள், விளம்பரம் சொன்னதும் பக்கம் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும் என்பவை எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களின் காலத்திலும் இப்படித்தான் இருந்தன. பொத்தான்களின் பெயரும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். தேர்வு இரண்டையும் கலந்தே கேட்கிறது என்பதால், ஒருவர் எதில் மதிப்பெண் வாங்கினார் என்று வெளியிலிருந்து தெரியாது.

எல்லாச் சான்றிதழ்களுக்கும் முடிவுத் தேதி கிடையாது. கோர்செரா என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் இருக்கும் கூகுளின் டிஜிட்டல் மார்க்கெட்டிங் படிப்புச் சான்றிதழ் காலாவதி ஆகாது. அது ஒரு படிப்பை முடித்ததற்கான சான்று, தளத்தில் தேர்ச்சி பெற்றதற்கான சான்று அல்ல. விண்ணப்பங்களில் இரண்டும் 'கூகுள் சான்றிதழ்' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவதால் குழப்பம் உண்டாகிறது.

இனி, ஏஜென்சிகள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கின்றன என்பது. வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொடுக்கும் மதிப்பு ஒன்று. எடுத்த பிறகு, தன் தேவைக்காக ஏஜென்சி கொடுக்கும் மதிப்பு இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது, அதைப் பற்றித்தான் வேலை தேடும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

கூகுள் பார்ட்னர் என்ற முத்திரையை ஏஜென்சிகளின் இணையதளங்களில் பார்த்திருப்பீர்கள். அது நிறுவனத்துக்குக் கிடைப்பது; தனிமனிதருக்கு அல்ல. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அதற்கு மூன்று நிபந்தனைகள். நிறுவனம் கையாளும் கணக்குகளின் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் குறைந்தது 70 சதவீதமாக இருக்க வேண்டும். 90 நாட்களில் அந்தக் கணக்குகளின் விளம்பரச் செலவு 10,000 டாலரைத் தொட வேண்டும். நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். மூன்றாவது, கணக்குகளைக் கையாள்பவர்கள் என்று நிறுவனம் காட்டும் ஊழியர்களில் பாதிப் பேராவது சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அதோடு ஒரு துணை நிபந்தனையும் உண்டு. தேடல், டிஸ்ப்ளே, வீடியோ, ஷாப்பிங், ஆப் ஆகியவற்றில் எந்தப் பிரிவில் 90 நாட்களில் 500 டாலருக்குக் குறையாமல் செலவாகிறதோ, அந்தப் பிரிவில் குறைந்தது ஒருவரிடமாவது சான்றிதழ் இருக்க வேண்டும்.

ஏழு பேர் கணக்குகளைக் கையாளும் ஒரு சிறிய ஏஜென்சியை வைத்து இதைப் பாருங்கள். ஏழில் பாதி மூன்றரை. ஆகவே நான்கு பேருக்குச் சான்றிதழ் வேண்டும். நான்கு பேரிடம் இருக்கிறது. எல்லாம் தேடல் விளம்பரச் சான்றிதழ். அதுவரை ஏஜென்சி செய்தது தேடல் விளம்பரம் மட்டும் என்பதால் போதும். தீபாவளிக்கு முன்னால் ஒரு துணிக்கடை வாடிக்கையாளர் இணையவழி விற்பனையைத் தொடங்கி ஷாப்பிங் விளம்பரம் கேட்கிறார். முதல் மாதத்திலேயே செலவு 500 டாலரைத் தாண்டிவிடும். நாற்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல், பண்டிகைக் காலத்தில் அது ஒன்றுமில்லை. இப்போது ஷாப்பிங் பிரிவில் சான்றிதழ் உள்ளவர் ஒருவரும் இல்லை. முத்திரைக்கான நிபந்தனையில் ஓட்டை விழுந்துவிட்டது. அதே மாதத்தில் சான்றிதழ் உள்ளவர்களில் இருவர் வேறு வேலைக்குப் போனால் ஐந்தில் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். பாதி என்ற கணக்கும் உடைந்துவிடும். சான்றிதழ் ஊழியருடையது, அவர் போகும்போது அவரோடு போய்விடும்.

அப்போதுதான் நிர்வாகத்திலிருந்து அவசரச் செய்தி வரும்: இந்த வாரத்துக்குள் எல்லோரும் தேர்வு எழுதி முடியுங்கள். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், ஒருவர் கேள்வியை உரக்க வாசிக்க, மேசையைச் சுற்றி நின்றவர்கள் விடை சொல்ல, வரிசையாக நான்கு பேர் தேறினார்கள். எனக்கு அது இன்றும் வேதனை தருகிற காட்சி. அந்த நால்வரில் இருவர் உண்மையிலேயே திறமையானவர்கள். தனியாக உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் கௌரவமாகத் தேறியிருப்பார்கள். அந்த அவசரம் அவர்களுடைய சான்றிதழிலிருந்தும் பொருளை எடுத்துவிட்டது.

முத்திரை ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். புதிய வாடிக்கையாளர் நான்கு ஏஜென்சிகளை வரிசையில் வைத்து ஒப்பிடும்போது அவர்களுக்கு எங்கள் வேலையின் நுணுக்கம் தெரியாது. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு அனுப்பும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருப்பதுண்டு. அதில் 'இல்லை' என்று எழுதினால் அடுத்த சுற்றுக்குக் கூப்பிடாமல் போகலாம். இதனால், ஒரு ஏஜென்சி ஆள் தேடும் விளம்பரத்தில் 'சான்றிதழ் அவசியம்' என்று எழுதினால், உங்கள் திறமையை அது அந்தச் சான்றிதழால் அளக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நேரம் அதற்கு ஒரு எண்ணிக்கை தேவைப்படுகிறது. புதிதாக வருகிறவருக்கு இது நல்ல செய்தியும்கூட. தேடல் சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது. ஷாப்பிங் சான்றிதழோ ஆப் சான்றிதழோ அவ்வளவு பேரிடம் இல்லை. நீங்கள் விண்ணப்பிக்கும் ஏஜென்சிக்கு ஜவுளி, நகை, மளிகை வாடிக்கையாளர்கள் இருந்தால், ஷாப்பிங் சான்றிதழ் வைத்திருக்கும் புதியவரை அவர்கள் ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஒன்று கவனிக்க வேண்டும்: உங்கள் ஸ்கில்ஷாப் கணக்கு நிறுவனத்தின் பார்ட்னர்ஸ் கணக்கோடு இணைந்தால்தான் அந்தச் சான்றிதழ் அவர்கள் கணக்கில் ஏறும். சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

ஆள் எடுக்கும்போது கொடுக்கும் மதிப்பு, அனுபவம் கூடக் கூடக் கரைந்துபோகும். அனுபவமே இல்லாதவரிடம் சான்றிதழ் இருந்தால், இந்தத் துறைக்குத்தான் வர நினைக்கிறார், சொந்தமாக உட்கார்ந்து கொஞ்சம் படித்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்வேன். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பேன். இலவசமான தேர்வை எழுதாமல் வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். இரண்டு வருடம் கணக்குகளைக் கையாண்டவரிடம் அவர் கையாண்ட கணக்குகளைப் பற்றித்தான் கேட்பேன். ஐந்து வருட அனுபவம் உள்ளவரின் விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை நான் வாசிப்பதுகூட இல்லை.

மெட்டாவின் சான்றிதழ்களை இதோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது. அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அடையாளம் சரிபார்த்து, கண்காணிப்போடு நடக்கும் தேர்வு. 1,000-க்கு 700 எடுத்தால்தான் தேர்ச்சி. சொந்தப் பணம் கட்டி அதை எழுதித் தேறியவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஆனால் வேலை கிடைக்கும் முன்னரே அந்தச் செலவைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. பல ஏஜென்சிகள் சேர்ந்த பிறகு அந்தக் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்கின்றன. ஹப்ஸ்பாட் சான்றிதழ்கள் இலவசம். பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அந்த மென்பொருளைப் பயன்படுத்தாத இடத்தில் அவற்றுக்கு வேலை குறைவு.

பயிற்சி நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்குக் கோபம் உண்டு. 'கூகுள் சான்றிதழுடன் கூடிய பயிற்சி, பதினைந்து சான்றிதழ்கள்' என்று பதாகை வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பதினைந்தில் கூகுளுடையதும் ஹப்ஸ்பாட்டுடையதும் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து இலவசமாக எடுக்கக்கூடியவை. நிலையத்தின் பெயரில் வருவது அந்த நிலையத்தின் சான்றிதழ் மட்டும். கூகுள் அதற்குப் பொறுப்பில்லை. நல்ல ஆசிரியர் உட்கார்ந்து நிஜக் கணக்கைத் திறந்து காட்டுகிறார் என்றால் அந்தக் கட்டணத்துக்குப் பொருள் உண்டு. சேரும் முன், "எங்கள் கையால் பணம் செலவழித்து விளம்பரம் ஓட்டுவோமா? தேடற்சொல் அறிக்கையை எங்களோடு உட்கார்ந்து பார்ப்பீர்களா?" என்று இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள்.

விண்ணப்பத்தில் சான்றிதழை எப்படிக் குறிப்பிடுவது என்றும் பலர் கேட்கிறார்கள். தேர்வின் முழுப் பெயர், எடுத்த மாதமும் ஆண்டும், சரிபார்ப்பு இணைப்பு. இவ்வளவு போதும். பிடிஎஃப் கோப்பை இணைக்க வேண்டாம். அதில் பெயரை மாற்றுவது எளிது என்பதால் நாங்கள் இணைப்பைத்தான் திறந்து பார்ப்போம். அங்கே உங்கள் பெயரும் கொடுத்த தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். 'கூகுள் சான்றளித்த பார்ட்னர்' என்று உங்களைப் பற்றி எழுதாதீர்கள். அது நிறுவனங்களுக்கான பெயர், தெரிந்தவர்கள் அந்த வரியிலேயே நிறுத்திவிடுவார்கள். காலாவதியானதை நடப்பில் இருப்பதுபோல் போடுவதைவிட, விட்டுவிடுவது மேல்.

தேடல் சான்றிதழ் ஒன்று, அளவீட்டுச் சான்றிதழ் ஒன்று, நீங்கள் குறிவைக்கும் ஏஜென்சியின் வாடிக்கையாளர்களுக்கு ஏற்ப மூன்றாவது ஒன்று போதும். இவற்றை விண்ணப்பிக்கும் மாதத்தில் எழுதினால் தேதியும் புதிதாக இருக்கும். மிச்சமாகும் நேரத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். கூகுள் தன் சொந்தக் கடையின் அனலிட்டிக்ஸ் தரவை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி மாதிரிக் கணக்காகத் திறந்து வைத்திருக்கிறது. கூகுள் கணக்கு ஒன்று இருந்தால் போதும். அதில் நுழைந்து, எந்த நிகழ்வுகள் முக்கியமானவை என்று குறிக்கப்பட்டிருக்கின்றன, அவற்றில் எவை உண்மையில் வாங்குவதைக் காட்டுகின்றன, எவை வெறும் பக்கப் பார்வை என்று பிரித்து ஒரே ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை விண்ணப்பத்தோடு அனுப்பினால் நான் முதலில் அதைத்தான் வாசிப்பேன். நேர்காணலில் முதல் கேள்வியும் அதிலிருந்துதான் வரும்.